மைனஸ் பாயிண்ட் நாலு

அந்தத் தண்ணீர் பரிசோதனை ஆய்வகத்தில் மொத்தம் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் புருஷன் பெண்டாட்டி. புருஷன் தராசு அறையில், பெண்டாட்டி அதற்கு அடுத்த அறையில். அவர் எடை போடுவார். அவள் மற்றவர்கள் போட்ட கணக்கெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று கேள்வி கேட்பாள். தர மேலாளர் என்று அவளுக்குப் பதவிப் பெயர். ஆனால் எல்லோரும் அவளைக் கேள்வி மேடம் என்றுதான் சொன்னார்கள். அவருக்கு வைத்த பெயர் புள்ளி சார். கருவி 24.0 என்று காட்டும்போது யாராவது சோம்பேறித்தனமாக 24 என்று எழுதிவிட்டால், பேனாவைப் பிடுங்காத குறையாக நின்று அந்தப் புள்ளியையும் சைபரையும் போட வைத்துவிட்டுத்தான் நகர்வார்.

வீட்டில் அவருக்கு அவள் "ஏம்மா". ஆய்வகத்துக்குள் வந்துவிட்டால் "மேடம்". இருபத்தேழு வருடம் அந்தக் கேலியை அவர் விட்டதில்லை. அவளும் பதிலுக்கு "சொல்லுங்க சார்" என்பாள். ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டுக்கொண்டு இப்படிப் பேசிக்கொள்வார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை உள் தணிக்கை வரும். வெளியிலிருந்து அங்கீகாரம் தருபவர்கள் வந்து பார்ப்பதற்கு முன்னால், நம் வீட்டை நாமே ஒரு முறை பார்த்துக்கொள்வது. அதற்கான கேள்விப் பட்டியலைத் தயாரிப்பது அவள் வேலை. தன் வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது, தன் வீட்டு ஆளுடையதையும் செய்யக் கூடாது என்பது விதி. அதனால் பட்டியலை அவள் எழுதுவாள். பக்கத்து ஊர் ஆய்வகத்திலிருந்து ஒரு அம்மா வந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகக் கேட்பார்.

அவள் பட்டியலைப் புள்ளி சார் எப்போதும் நக்கல் அடிப்பார். "அளவுத்திருத்தச் சான்றிதழ் இருக்கிறதா? ஆம், இல்லை. வெப்பநிலைப் பதிவேடு நிரப்பப்பட்டிருக்கிறதா? ஆம், இல்லை. பணியாளர் பயிற்சி பெற்றுள்ளாரா? ஆம், இல்லை. ஏன் மேடம், இப்படிக் கேட்டா எவன் இல்லைன்னு சொல்லுவான்? ஒப்புக்குக் கேட்டா ஒப்புக்குத்தான் பதில் வரும். செஞ்சு காட்டுன்னு சொல்லுங்க. கையெழுத்தைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க."

"நீங்களே எழுதிடுங்களேன் சார்."

"எனக்கு எடை போட வேண்டியிருக்கு மேடம்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். மறு வருடமும் அதே அறுபத்திரண்டு கேள்விகள், தேதி மட்டும் மாறிப் போகும்.

அந்த வருடம் அவளுக்கு என்ன தோன்றியதோ, பழைய பட்டியலை நகலெடுக்காமல் புதிதாக எழுத உட்கார்ந்தாள். வாடிக்கையாளருக்குப் போன ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்வது, அதிலிருந்து பின்னோக்கி நடப்பது என்று முடிவு செய்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினாள். ஒரு பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீர். கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு என்று, தண்ணீரை ஆவியாக்கி மிச்சத்தை எடை போட்டுச் சொன்ன அறிக்கை. எந்தத் தராசு? இரண்டாம் எண். அதன் சான்றிதழ் செல்லுபடியில் இருக்கிறதா? இருக்கிறது. அன்று காலை தெரிந்த எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்தார்களா? பார்த்திருக்கிறார்கள், வரம்புக்குள்தான். எடை போட்டவர் யார்? புள்ளி சார். அன்றைக்குத் தராசு அறையில் வெப்பம் எவ்வளவு?

பதிவேட்டைத் திறந்தாள். ஒரு நாளுக்கு ஒரு வரி. கருவி காட்டியது ஒரு கட்டத்தில், திருத்திய அளவு அடுத்த கட்டத்தில். சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானிக் கருவி கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டும். எவ்வளவு என்று அதன் சான்றிதழ் சொல்லும். அதைக் கூட்டிக் கழித்து எழுத வேண்டும். அந்த வரியில் 24.6 என்று இருந்தது, பக்கத்தில் 24.2. கையெழுத்து அவருடையது. புள்ளி அழுத்தமாக விழுந்திருந்தது.

அவளுக்கு எங்கோ உறுத்தியது. சான்றிதழ் கோப்பை எடுத்தாள். மைனஸ் பாயிண்ட் நாலு என்பது பழைய சான்றிதழில் இருந்த திருத்தம். ஏழு மாதத்துக்கு முன்னால் கருவி மறுபடி அளவுத்திருத்தத்துக்குப் போய், புதுச் சான்றிதழோடு திரும்பி வந்தது. அதில் திருத்தம் பிளஸ் பாயிண்ட் ஏழு. அப்படியானால் அன்றைய வெப்பம் 25.3. அறையின் வரம்பு 25. அன்றைக்கு எடை போடுவதை நிறுத்தி, ஏசியைச் சரிசெய்துவிட்டு ஆரம்பித்திருக்க வேண்டும்.

முதலில் கோபம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் புள்ளி வைத்துக்கொடுக்கிற மனுஷன், தன் முதுகைப் பார்க்காமல் விட்டுவிட்டாரே என்று. பிறகு அடுத்த வரியைப் பார்த்தாள். செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் அந்தக் கட்டத்தை நிரப்புபவள் கிருமி வளர்க்கும் அறையில், கிருமிகளுக்குத் தீனியான மீடியாவைக் காய்ச்சுகிற மீடியா அக்கா. அவள் பிளஸ் பாயிண்ட் ஏழு போட்டிருந்தாள். திங்கள், புதன், வெள்ளி அவர். மைனஸ் பாயிண்ட் நாலு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஏழு மாதம், ஒரே ஒரு வரிகூட மாறாமல். அலட்சியம் என்றால் ஒரு நாளாவது தவறிச் சரியாக வந்திருக்குமே. இதில் தவறுவதே இல்லை, தப்பு மட்டும்தான் இருந்தது.

கருவியின் நெற்றியிலேயே பெரிய எழுத்தில் +0.7 என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. பயிற்சிப் பதிவேட்டைப் பார்த்தாள். புதுத் திருத்தம் எல்லோருக்கும் விளக்கப்பட்டது, கீழே ஒன்பது கையெழுத்து. நாலாவது அவருடையது.

அதைவிடக் கொடுமை ஒன்று பதிவேட்டின் அடியில் இருந்தது. ஒவ்வொரு மாதப் பக்கத்தின் கீழேயும் 'சரிபார்க்கப்பட்டது' என்று போட்டு ஒரு கையெழுத்து. ஏழு பக்கம், ஏழு கையெழுத்து, எல்லாம் அவளுடையது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பதிவேட்டை மூடி வைத்தாள்.

வீட்டிலும் அவள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். பால் பாக்கெட்டை அலமாரியிலும் சர்க்கரை டப்பாவைப் பிரிஜ்ஜிலும் கண்டபோது, வேலை அலுப்பு என்று தானே எடுத்து மாற்றி வைத்தாள். ஒரே செய்தித்தாளை அவர் சாயங்காலம் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தபோது, இன்றைக்கு அப்படி என்ன சுவாரசியமோ என்று சிரித்தாள். மகள் தொலைபேசியில், "அப்பாவுக்கு எப்பவுமே மறதிதானேம்மா, ரெண்டாங்கிளாஸ்ல என்னை ஸ்கூல்லயே விட்டுட்டு வீட்டுக்கு வந்தவர்தானே" என்றாள். இருவரும் சிரித்தார்கள். கட்டம் நிரம்பியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம், மற்றவர்கள் கிளம்பிய பிறகு, தராசு அறைக்குப் போனாள். அவர் தராசின் தட்டை மெல்லிய தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். இந்தச் சுவர்க் கருவிக்குத் திருத்தம் எவ்வளவு?"

"மைனஸ் பாயிண்ட் நாலு. இதைக்கூடவா கேட்பீங்க மேடம்?"

அவள் புதுச் சான்றிதழை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பிறகு கருவியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். முகம் சிறுத்தது.

"மாத்திட்டாங்களா? யாருமே சொல்லலியே."

பயிற்சிப் பதிவேட்டைக் காட்டினாள். அதை ஏன் காட்டினோம் என்று பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் அந்த நாலாவது கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அதன் மேல் விரலை வைத்து, கோடு கோடாக அதன் மேலேயே எழுதிப் பார்த்தார்.

"என் கையெழுத்துதான்" என்றார். குரலில் பயம் இருந்தது. அவள் அவரிடம் அதுவரை கேட்டிராத பயம். "ஏம்மா, நான் எப்போ போட்டேன் இதை?" ஆய்வகத்துக்குள் அவர் அவளை மேடம் என்று கூப்பிடாதது அதுதான் முதல் முறை.

ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக +0.7 என்று அவரே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சே வரவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பதிவேட்டைப் பார்த்தாள். 23.9. பக்கத்தில் 23.5.

தாள் அவருடைய சனிக்கிழமைச் சட்டையோடு துவைக்கப் போயிருந்தது.

அவள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் பரிசோதனை செய்கிற இடத்தில் தண்ணீரை அப்படி வீணாக்கியதற்கு அவர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே முதலாளியிடம் போனாள். முதலாளி கெட்டவர் இல்லை. புள்ளி சாரைவிட ஏழு வயது சின்னவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மேஜை மேல் இருந்த காலி டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாள் வரம்பைத் தாண்டியிருக்கு?"

"ஒன்பது நாள். எடைக்கல் சோதனை அந்த ஒன்பது நாளும் சரியா இருக்கு. அன்னிக்குப் போட்ட இருபத்தாறு அறிக்கையையும் நீங்க மறுபடி பாக்கணும். முடிவு மாறாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா பாத்ததா எழுதி வைக்கணும்."

"பாத்துடுறேன்." டம்ளரை வைத்தார். "பட்டியல்ல இதைப் பத்திக் கேள்வி வேணாமே மேடம். போன வருஷக் கேள்வியே இருக்கட்டும். பயிற்சி எடுத்தாரா, எடுத்தார், கையெழுத்து இருக்கு. இனிமே அந்தக் கட்டத்தை மீடியா அக்காவே தினமும் நிரப்பட்டும். சாருக்கு இன்னும் ஒண்ணேகால் வருஷம்தானே இருக்கு. கௌரவமா போகட்டும்."

முதலாளி நல்ல மனதோடு சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசுவது சுலபம். ஒண்ணேகால் வருடம். தினமும் காலையில் தலை வாரி, பேனாவை மூடித் திறந்து பார்த்து, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு புள்ளி சார் கிளம்பும் அந்த நடை. அது இருக்கும் வரை அவர் அவராக இருப்பார். அதை எடுத்துவிட்டால் வீட்டில் என்ன மிஞ்சும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"யோசிக்கிறேன் சார்" என்று எழுந்து வந்தாள்.

மூன்று நாள் யோசித்தாள். முதலாளி சொன்னதுபோல வெப்பத்தை மீடியா அக்கா எழுதிவிடலாம். ஆனால் எடை? அடுத்த மாதம் தராசுக்குப் புதுச் சான்றிதழ் வரும். புது முறை வரும், புது வரம்பு வரும். புதிதாக வருவது எதுவும் அவரிடம் தங்கப் போவதில்லை. ஒரு நாள் எடைக்கல்லின் மதிப்பும் மாறும். அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் என்று தப்பான அறிக்கை போகும். கீழே அழகான கையெழுத்து இருக்கும். அவருக்குத் தெரிந்தால் எதை மன்னிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். பூசி மெழுகியதைத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் எழுதினாள். அளவுத்திருத்தம் என்ற தலைப்பின் கீழ்: ஓர் அறிக்கையைத் தேர்ந்தெடுக்கவும், அதில் பயன்பட்ட கருவிகளின் சான்றிதழ்களையும், அவற்றில் உள்ள திருத்தம் நடைமுறையில் சேர்க்கப்பட்டதையும் காட்டச் சொல்லவும். சூழல் பதிவு என்ற தலைப்பின் கீழ்: மாத இறுதியில் சரிபார்த்தவர் என்ன பார்த்தார் என்று அவரிடமே கேட்கவும். அந்தக் கேள்வி அவளுக்கு. பிறகு பணியாளர் திறன். அங்கே பேனா நின்றது. கடைசியில் எழுதினாள்: பயிற்சிப் பதிவேட்டில் உள்ள கையெழுத்தை மட்டும் சான்றாக ஏற்க வேண்டாம். பணியாளரை உங்கள் முன்னிலையில் கருவியைப் பார்த்து, திருத்திய அளவை எழுதச் சொல்லவும். எப்படி எழுதினார் என்று விளக்கச் சொல்லவும்.

எழுத்துக் கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளை முதலாளியிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்க்காமல் ஒப்புதல் போட்டார்.

தணிக்கைக்கு வந்த அம்மா குட்டையாக, கைப்பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு, கறாரும் கனிவுமாக இருப்பவர். தராசு அறைக்குள் கேள்வி மேடம் போகக் கூடாது. தன் அறையில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல்தான். கதவு ஒருக்களித்திருந்ததால் பேச்சும் கேட்டது.

"சார், இன்னிக்கு வெப்பநிலையை எனக்கு முன்னாடி எழுதிக் காட்டுங்களேன்."

புள்ளி சார் உற்சாகமாக எழுந்தார். யாராவது செய்து காட்டச் சொல்ல வேண்டும் என்று காலமெல்லாம் காத்திருந்தவர் அல்லவா? கண்ணாடியை ஏற்றினார். "இருபத்தி நாலு புள்ளி அஞ்சு" என்று படித்தார், எழுதினார். அடுத்த கட்டத்தில் 24.1.

"எப்படி வந்துச்சு சார் இது?"

அவர் விளக்கினார். எந்தக் கருவியும் முழு உண்மை சொல்லாது, எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துவிட்டால் பிசகுகிற கருவியையும் நம்பலாம், அதற்குத்தான் சான்றிதழ் என்று. கல்லூரியில்கூட யாரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"ரொம்ப நல்லா சொன்னீங்க சார்" என்றார் அந்த அம்மா. மெதுவாக. "கருவியில ஒட்டியிருக்கிற சீட்டைக் கொஞ்சம் படிங்களேன்."

அவர் படித்தார். பதிவேட்டின் பக்கங்களை அவர் தானே பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தார். திங்கள், புதன், வெள்ளி. திங்கள், புதன், வெள்ளி.

"இதெல்லாம் நான்தானே எழுதியிருக்கேன்" என்றார். பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "எழுதுங்க மேடம். குறைன்னு எழுதுங்க. பாவம்னு விட்டுடாதீங்க. நீங்க எழுதலேன்னா எனக்குக் கோவம் வரும்."

அந்த அம்மா எழுதினார். இரண்டு குறைகள். ஒன்று புள்ளி சார் பெயரில், மற்றது மாதாமாதம் சரிபார்த்தவள் பெயரில்.

புள்ளி சார் தவறான 24.1-ஐ ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் 25.2 என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டார். வரம்பைத் தாண்டிவிட்டது என்று சொல்லி, அன்றைய எடை வேலையையும் அவரே நிறுத்தினார். அந்தத் தராசில் அவர் செய்த கடைசி வேலை அதுதான்.

எடை போட அனுமதி பெற்றவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கியது. மாதிரி பாட்டில்கள் வாங்கும் மேஜையில் உட்காரட்டும் என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். "லேபிள் மாறினா அதைவிட மோசம்" என்று அவர் மறுத்துவிட்டார்.

தணிக்கை நடந்த அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் காலி டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா, அந்தக் கேள்வியை எனக்காகத்தானே எழுதினே?"

"ஆமாங்க."

"எழுதும்போது அழுதியா?"

"அழுதேன்."

அவர் தலையை ஆட்டினார். "நல்ல கேள்வி. ஆமா, இல்லைன்னு கேக்காம கேட்டிருக்கே." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பேருந்து வந்தும் விடவில்லை. அடுத்த பேருந்தில்தான் போனார்கள்.

மகள் வந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. கிடைத்து என்ன ஆகப் போகிறது? அவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். சாயங்காலங்களில் அவர் அந்தத் தணிக்கையைப் பற்றிச் சொல்வார். "ஒரு அம்மா வந்து என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க பாரு. அருமையான கேள்வி. யாரு எழுதினதுன்னுதான் தெரியல."

"நான்தாங்க எழுதினேன்."

"நீயா? எனக்காகவா?"

"ஆமாங்க."

"எழுதும்போது அழுதியா?"

வாரத்துக்கு மூன்று முறை, நாலு முறை. ஒவ்வொரு தடவையும் அவள் புதிதாக ஒப்புக்கொள்வாள், அவரும் புதிதாகக் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்பார். முதலில் அது அவளுக்கு நெருப்பை விழுங்குவதுபோல இருந்தது. போகப் போக, சாயங்காலம் ஆனால் அவள் சமையலறை வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள்.

மழைக்காலம் வந்தபோது அவர் கேள்வி எது என்பதை மறந்திருந்தார். பிறகு அந்த அம்மாவை மறந்தார். ஒரு நாள் அவளே ஆரம்பித்தாள். "ஒரு அம்மா வந்து உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டாங்களே, ஞாபகம் இருக்கா?"

அவர் மரியாதையாக அவளைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தார்.

"அதை நான்தாங்க எழுதினேன்" என்றாள். "எழுதும்போது அழுதேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.